சங்கத்துல கட்டின பணம் பாஸ்புக்ல ஏறலையா? கேள்வி பதில்

கூட்டுறவு சங்கக் கணக்குகளைத் தணிக்கை பண்ற வேலையில ரொம்ப காலம் இருந்தவன். டெபாசிட், ரசீது, லெட்ஜர் சம்பந்தமா கேளுங்க. கடன் தள்ளுபடி வருமா வராதான்னு மட்டும் கேக்காதீங்க.

கேள்வி: சார், மூணு மாசத்துல நாலு தடவ பணம் கட்டினேன், ரெண்டுதான் பாஸ்புக்ல இருக்கு. ரசீது நாலும் கையில இருக்கு. 12-04 ரசீது 2317 ரூ.2,000, 03-05 ரசீது 2381 ரூ.3,000, 09-06 ரசீது 0614 ரூ.5,000, 14-06 ரசீது 2440 ரூ.2,000. 2317-ம் 0614-ம் ஏறல. 12-04க்கு முன்னாடி இருப்பு 41,500, நடுவுல எதுவும் எடுக்கல, இப்ப பாஸ்புக்ல 46,500 இருக்கு. மேனேஜருக்கு என்னன்னு எழுதறது?

தேதியும் நம்பரும் போட்டு கேட்டிருக்கீங்க, பாதி வேலை முடிஞ்சுது. முதல்ல ஒண்ணு, ஒரிஜினல் ரசீதை யார் கேட்டாலும் கையை விட்டுக் குடுத்துடாதீங்க, "வெச்சுட்டு போங்க பாத்து சொல்றோம்"னுவாங்க, ஜெராக்ஸ் மட்டும் குடுங்க.

ரெண்டு ரசீதும் ஒரே மாதிரி கேஸ் இல்ல. 2317, 2381, 2440 மூணும் தேதிப்படி வரிசையா ஏறிட்டு வருது, அதாவது ஒரே ரசீது புக். அதனால 2317 பெரும்பாலும் அன்னன்னிக்கு வரவு செலவை எழுதற டே புக்ல ஏறியிருக்கும், ஆனா ஆளாளுக்குத் தனிக் கணக்கு வெக்கற லெட்ஜர்ல வேற ஆளோட கணக்குலயோ உங்க பேர்ல கடன் இருந்தா அந்தக் கணக்குலயோ போய் உக்காந்திருக்கும். கணக்கு நம்பர்ல ஒரு இலக்கம் மாறினா போதும். அது கண்டுபிடிக்கற தப்பு. 0614தான் கவனிக்க வேண்டியது. அந்த ரசீதுக்கு அஞ்சு நாள் கழிச்சு உங்களுக்கு 2440 வந்திருக்கு, பழைய புக் இன்னும் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்புறம் 0614 எந்த புக்ல இருந்து வந்துச்சு? ரெண்டாவது கவுன்டருக்கு தனி புக் இருக்கலாம், வசூல் பண்றவர் புக்கா இருக்கலாம், இல்ல சங்கத்து ரசீது புக்கையெல்லாம் பதியற ஸ்டாக் ரிஜிஸ்டர்லயே இல்லாத புக்காவும் இருக்கலாம். அதை நீங்க தீர்மானிக்க வேணாம், கேளுங்க. இப்படி எழுதுங்க:

"மேனேஜர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கு எண் ____. கீழ்க்கண்ட ரொக்க டெபாசிட்டுகள் பாஸ்புக்கில் வரவு வைக்கப்படவில்லை: ரசீது எண் 2317, தேதி 12-04, ரூ.2,000 (இரண்டாயிரம்), ரசீது எண் 0614, தேதி 09-06, ரூ.5,000 (ஐயாயிரம்). 12-04க்கு முன் இருப்பு ரூ.41,500. பிறகு வரவானவை 2381, 2440 ஆகிய இரண்டு மட்டுமே; பணம் எதுவும் எடுக்கவில்லை. தற்போது பாஸ்புக்கில் ரூ.46,500 உள்ளது, ரூ.53,500 இருக்க வேண்டும். இந்த இரு ரசீதுகளும் அந்தந்த நாள் டே புக்கில் எந்தக் கணக்கில் வரவாகியுள்ளன என்றும், 0614 எந்த ரசீது புத்தகத்தைச் சேர்ந்தது என்றும் எழுத்தில் தெரிவிக்கவும். நகல்கள் இணைப்பு. ஒரிஜினல் என்னிடம் உள்ளது, நேரில் காட்டுகிறேன்."

"பேலன்ஸ் ஏன் கம்மி"ன்னு கேட்டா "சிஸ்டம் அப்டேட் ஆகல"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. எந்தக் கணக்குல வரவுன்னு கேட்டா டே புக்கைத் திறந்துதான் ஆகணும். தொகையை எழுத்துலயும் போடச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு, பார்ட்டி கையில இருக்கற ரசீதுல 5,000, ஆபீஸ்ல இருக்கற அடிக்கட்டையில 500னு இருந்த கேஸ் பாத்திருக்கேன், கார்பனை எடுத்துட்டு தனியா எழுதறது. ரெண்டையும் பக்கத்துல வெச்சாதான் தெரியும்.

கேள்வி: எனக்கும் போன வருஷ வட்டி ஏறல, இதே லெட்டர் போடலாமா?

இது வேற. ரசீது இல்லாத விஷயம், வட்டி கணக்குப் போட்ட தாளைக் கேளுங்க.

கேள்வி: ரசீது இருந்தா சங்கம் பணம் குடுத்துதான் ஆகணும், எதுக்கு இவ்ளோ லெட்டர்?

பாதி சரி. சங்கத்தோட அச்சடிச்ச ரசீது, நம்பர், கையெழுத்து, சீல் இருந்தா உங்க பக்கம் பலமா இருக்கு. ஆனா வீட்டுக்கு வந்து வசூல் பண்றவர் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்ததையும் ரசீதுன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் சங்கம் "அது எங்க ரசீதே இல்ல"ன்னு கை விரிக்கும்.

கேள்வி: மோசடின்னு ஒரு வார்த்த போட்டாதான் சார் பயப்படுவாங்க. போட்டுடலாம்ல?

போடாதீங்க. போட்டவுடனே மேனேஜர் பதில் எழுத மாட்டார், வக்கீலைக் கேட்டுட்டு சொல்றேன்னு உக்காந்துடுவார், உங்களுக்கு வேணுங்கற டே புக் விவரம் நின்னு போகும்.

கேள்வி இல்ல, பதில்: நான் கேஷியரா இருந்தவன். 0614ன்னு பாத்தவுடனே வேற புக், கள்ள புக்னு கிளப்பறீங்களே, கரண்ட் இல்லாத நாள்ல கம்ப்யூட்டர் ரசீது வராது, கைரசீது புக் எடுத்துதான் எழுதுவோம், மறுநாள் என்ட்ரி போட மறந்துடும். அவ்ளோதான். கேஷியர்னாலே திருடன்னு ஆக்காதீங்க.

அண்ணே, திருடன்னு நான் சொல்லல, மூணு காரணம் சொன்னேன், உங்க கைரசீது நாலாவதா சேரட்டும், நியாயமான காரணம்தான். ஆனா என்ட்ரி போட மறந்திருந்தா அன்னிக்கு சாயங்காலம் கல்லா எண்ணும்போது 5,000 கூட வந்திருக்கணுமே. அந்த அதிகப் பணம் எங்க போச்சு?

யாரு பணம்னு தெரியாததைப் போட்டு வெக்கற சஸ்பென்ஸ் கணக்குல வெச்சிருப்பாங்க.

வெச்சிருந்தா சந்தோஷம், சஸ்பென்ஸ் கணக்குல 09-06 தேதிக்கு 5,000 நிக்கும், பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சு கணக்குல ஏத்திடலாம். நிக்கலன்னா?

கூட வந்த பணத்த இன்னொரு நாள் குறைஞ்சதுக்கு சரிக்கட்டிடுவாங்க, எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். அதுக்குப் பேரு திருட்டா?

பேரு என்னவோ வெச்சுக்கங்க, டெபாசிட்காரர் பணம் அது. ஒருநாள் குறைவை இன்னொரு நாள் கூடுதலால மூடறதைத்தான் தணிக்கையில முதல்ல தேடுவோம்.

நீங்க கவுன்டர்ல உக்காந்து பாத்திருந்தா இப்படி பேச மாட்டீங்க.

சரிண்ணே. அவர் லெட்டர் போடட்டும், சஸ்பென்ஸ்ல நிக்குதான்னு பாத்துடலாம். உங்க பக்கம் சரியா இருந்தா நல்லதுதான்.

கேள்வி: வாட்ஸ்அப்ல அனுப்பினா போதுமா? நீல டிக் வந்துடுச்சு.

அனுப்புங்க, தப்பில்ல, ஆனா அதோட நிக்காதீங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணை தபால் பிரிவுல குடுத்து, உங்க காப்பியில தேதி, சீல், வரவு எண் வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா பதிவு வசதியோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் வாங்கி வெச்சுக்கங்க. பதில் வரலன்னா கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது அந்தக் காப்பியைத்தான் கேப்பாங்க.

கேள்வி: மேனேஜர் ஒரிஜினல் ரசீதும் பாஸ்புக்கும் குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்னாரு. குடுக்கலாமா?

மேல எழுதியிருக்கேன்ல? குடுக்காதீங்க. பாஸ்புக்கும்தான். என்ட்ரி போடணும்னா கூடவே நின்னு போட்டு வாங்கிட்டு வாங்க.

கேள்வி: ரசீது தெர்மல் பேப்பர், எழுத்து மங்கிப் போச்சு, நம்பர் மட்டும் தெரியுது.

நம்பர் தெரிஞ்சா கேக்கலாம். தேதி, தொகை நினைவு இருந்தா "என் நினைவுப்படி"ன்னு சேர்த்து எழுதுங்க, தெரியாததை ஊகிச்சு எழுதாதீங்க, ஒரு தொகை தப்பானாலும் முழு லெட்டரையும் தள்ளிடுவாங்க. இப்பவே போட்டோ எடுங்க, வெயில்ல வெக்காதீங்க.

கேள்வி: ரசீதே வாங்கல சார், தெரிஞ்சவங்கதான்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு செலான் எழுதினீங்களா, மெசேஜ் வந்துச்சா, கூட யார் இருந்தாங்க, அதைச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்.

கேள்வி: ஒரிஜினல் ரசீத லெட்டரோட பின் பண்ணி அனுப்பிட்டேன், பரவால்லயா?

போய் திரும்ப வாங்குங்க. இன்னிக்கே.