சப்டைட்டில் தேர்வில் சிவப்புக் கோடு: எதை வெட்டலாம், எதை விடக் கூடாது

மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் சப்டைட்டில் மாதிரித் தேர்வில் பாதி வரிகள் அளவு மீறியதாகச் சிவப்பில் வந்துவிட்டன, இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். உங்களிடம் குறை மொழியில் இல்லை, அளவில் இருக்கிறது. அது பழகிக்கொள்ளக்கூடியதுதான்.

பல இடங்களில் வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் 2 வரி என்பது வழக்கம். அதைவிடக் கறாரானது வாசிப்பு வேகம், அதாவது நொடிக்கு இத்தனை எழுத்து என்ற வரம்பு. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும் மென்பொருளுக்கு 5. ஆகவே எப்படி எண்ணுகிறார்கள் என்று நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள். கீழே நான் தருவது மென்பொருள் கணக்கு, இடைவெளியும் சேர்த்து.

ஒரு வசனம் 3 நொடி ஓடுகிறது, வரம்பு நொடிக்கு 20 என்று வையுங்கள். 60 எழுத்து கிடைக்கும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் வருவது இது:

‘என்னிடம் பேசுவதற்கு முன்பே நீ அவனிடம் பணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்’

இது 101. ‘என்று நான் நினைக்கிறேன்’ முதலில் போகட்டும். பேசுபவர் முகமே திரையில் இருக்கிறது. ‘பேசுவதற்கு முன்பே’ என்பதைப் ‘பேசாமல்’ என்ற ஒரே சொல் சுமக்கும். இப்படிச் சுருக்கினால்:

‘என்னிடம் பேசாமல் பணத்தைப் பற்றி
அவனிடம் சொன்னது தப்பு’

53 ஆகிவிட்டது, சிவப்பும் போய்விட்டது. ஆனால் இதை நான் ஏற்க மாட்டேன். மூலத்தில் ‘நினைக்கிறேன்’ இருந்தது ஒரு தயக்கத்துக்காக; இங்கே அவர் அதட்டுகிறார். அடுத்த காட்சியில் இருவரும் இயல்பாகப் பேசும்போது பார்ப்பவருக்கு ஒட்டாது. ‘சொல்லியிருக்க வேண்டாம்’ என்று மாற்றினால் குரல் தணிகிறது, ஆனால் எண்ணிக்கை 62க்குப் போகிறது. சரி, வேறிடத்தில் குறைப்போம்:

‘என்னிடம் பேசாமல் பண விஷயத்தை
அவனிடம் சொல்லியிருக்க வேண்டாம்’

59. பணம், அவன், கேட்காமல் செய்ததன் வருத்தம் மூன்றும் இருக்கின்றன.

‘நீ’ போனதைக் கவனித்திருப்பீர்கள். இருவர் உறவு முன்பே தெரிந்திருந்தால் பரவாயில்லை. அவர்கள் முதல்முறை பேசும் காட்சியானால் நீயா நீங்களா என்பதே செய்தி. அங்கே அதை வைத்துக்கொண்டு வேறெதையாவது வெட்டுங்கள். இல்லை, மாட்டேன் போன்ற மறுப்பையும், பின்னால் கதைக்குத் தேவைப்படும் பெயரையும் எண்ணையும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். அழைக்கும் பெயர், திரும்பச் சொல்வது, ‘வந்து’, ‘அதாவது’ எல்லாம் முதலில் போகலாம்.

வெட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். வசனம் முடிந்தபின் மௌனம் இருந்தால், நிறுவன விதி இடம் கொடுக்கிற அளவுக்குச் சப்டைட்டிலை அரை நொடி கூடுதலாக நிறுத்தலாம். அந்த அரை நொடி 10 எழுத்து தரும்.

Subtitle Edit இலவச மென்பொருள். நொடிக்கு எத்தனை எழுத்து என்பதை அதுவே காட்டும். 5 நிமிடக் காட்சி ஒன்றை அதில் செய்து, ஒலியை அணைத்துவிட்டு, மூலம் தெரியாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். யார் யாரிடம் எதற்காகக் கோபப்பட்டார் என்று அவர் சொல்லிவிட்டால் அதைத் தேர்வுக்கு அனுப்பலாம்.