பக்கத்து ஊராட்சிக்கு 26 லட்சம், எங்களுக்கு மட்டும் ஏன் 17 லட்சம்?

கேள்வி: நான் வார்டு உறுப்பினராக இருந்தவன். 15வது நிதிக்குழுப் பணம் எங்கள் ஊராட்சிக்கு வருஷத்துக்குச் சுமார் 17 லட்சம்தான் வந்தது, பக்கத்து ஊராட்சிக்கு 26 லட்சம். இத்தனைக்கும் எங்கள் ஊர்தான் பரப்பில் பெரியது. வந்த பணத்திலும் ரோடு போடக் கேட்டால் முடியாது என்பார் செயலர். தலைவரின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து பணமே வரவில்லை. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நிதிக்குழுவுக்கு உங்கள் ஊராட்சியின் பெயரே தெரியாது. அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் மொத்தத் தொகையைத்தான் சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 280வது பிரிவில் இதற்கு ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது: மாநிலங்கள் தங்கள் நிதிக்குழுவை அமைத்து ஊராட்சிகளின் தேவையைச் சொல்ல வேண்டும், அதன் அடிப்படையில் மத்தியக் குழு பரிந்துரைக்க வேண்டும். நடைமுறையில் மாநிலக் குழுக்களின் அறிக்கைகள் ஒரே காலத்தில், ஒரே மாதிரி வருவதில்லை. அதனால் என்.கே. சிங் தலைமையிலான 15வது குழு எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும் ஒரு எளிய அளவுகோலை எடுத்துக்கொண்டது. 2011 மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்புக்கு 10 சதவீதம், அவ்வளவுதான். ஏழ்மையோ, மேட்டுநிலத் தண்ணீர்ப் பஞ்சமோ அந்தக் கணக்கில் இல்லை, எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021-22ல் நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 44,901 கோடி, அதில் தமிழ்நாட்டுக்கு 2,666 கோடி. இந்தத் தொகை மூன்று அடுக்குக்கும் பிரிகிறது. கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று குழு ஒரு வரம்பு வைத்து, மீதியை ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் விட்டது. கிராமத்துக்கு 80 என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,133 கோடி. ஊராட்சிகளுக்குள் பிரிக்கும்போது மாநில நிதிக்குழுவின் ஏற்கப்பட்ட அளவுகோலையும் கடைப்பிடிக்கலாம், அதே 90-க்கு 10-ஐயும் கடைப்பிடிக்கலாம். இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். 2,133 கோடியில் 90 சதவீதம் 1,920 கோடி. அதைத் தமிழ்நாட்டின் 2011 கிராம மக்கள்தொகையான 3.72 கோடியால் வகுத்தால் தலைக்கு 516 ரூபாய் வரும். சென்சஸில் நகரம் என்று எழுதப்பட்டும் இன்னும் ஊராட்சியாகவே இருக்கும் ஊர்களும் பங்குக்கு வருவதால் 500 என்றே கணக்கிடுவோம். பரப்புக்கான பங்கு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 17,000 ரூபாய்.

இப்போது 3,000 பேர், 12 சதுர கிலோமீட்டர் உள்ள ஊராட்சிக்கு மக்கள்தொகைக்கு 15 லட்சம், பரப்புக்கு 2 லட்சம், ஆக 17 லட்சம். 5,000 பேர், 8 சதுர கிலோமீட்டர் என்றால் 25 லட்சமும் ஒரு லட்சத்துச் சொச்சமும், 26 லட்சத்தைத் தாண்டும். பரப்பு ஒன்றரை மடங்கு இருந்தும் உங்களுக்கு அதில் கூடுதலாகக் கிடைப்பது 70,000 ரூபாய்கூட இல்லை. உங்கள் ஊர் எண்களை வைத்து இப்படிப் போட்டுப் பார்த்து, வந்த தொகையோடு பெரிதாக ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் பங்கீட்டு ஆணையைக் கேளுங்கள். வருஷத்துக்கு வருஷம் தேசிய ஒதுக்கீடே கொஞ்சம் ஏறி இறங்கும், அந்த வித்தியாசத்தைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரில் புதிதாக மனைப்பிரிவுகள் வந்து ஆள் பெருகியிருந்தாலும் பயனில்லை, எண்ணுவது 2011-ல் இருந்த தலைகளைத்தான். முன்பு அதிகம் வந்ததே என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. 14வது குழு இந்த மானியத்தைக் கிராம ஊராட்சிக்கு மட்டுமே கொடுத்தது, ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் பங்கு கிடையாது.

அப்புறம் ரோடு விஷயம். 2021-22 முதல் வந்த பணத்தில் 60 சதவீதம் கட்டுண்ட மானியம். 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேமிப்பு வகைக்கு, 30 சதவீதம் துப்புரவு வகைக்கு. உங்கள் 17 லட்சத்தில் 5.10 லட்சம் தண்ணீருக்கு, 5.10 லட்சம் துப்புரவுக்கு, ரோட்டுக்குத் தொடக்கூடியது 6.80 லட்சம் மட்டும். அதிலும் சம்பளமோ அலுவலகச் செலவோ எழுதக் கூடாது. செயலர் ‘முடியாது’ என்று முழுசாக மறுத்திருந்தால் தவறு, ‘இந்தத் தொகைக்கு மேல் முடியாது’ என்றிருந்தால் சரி. குடிநீர்த் தேவை முழுவதும் தீர்ந்துவிட்டது என்று கிராம சபை சான்றளித்து, அதை மேலதிகாரியும் உறுதி செய்தால், அந்தப் பங்கைத் துப்புரவுக்குத் திருப்பலாம். ரோட்டுக்குத் திருப்ப வழியில்லை.

நான் கணக்குப் பார்த்த ஓர் ஊராட்சியில் 4 லட்சத்துக்கு ‘வடிகால் பணி’ என்று துப்புரவுப் பங்கிலிருந்து பில் போட்டிருந்தார்கள். அளவுப் புத்தகத்தைத் திறந்தால் நீளம், அகலம், கனம் மூன்றும் சிமெண்ட் ரோட்டுக்கானவை, வாய்க்காலுக்கு வேண்டிய ஆழம் என்ற பத்தியே இல்லை. தணிக்கைத் தடை விழுந்தது. ரோடு ஊருக்குத் தேவைதான், அந்த மக்கள் பல வருஷம் சேற்றில் நடந்தவர்கள். ஆனால் அந்த வருஷம் கழிவுநீர் வாய்க்கால் கட்டப்படவில்லை, மழைக்கு அதே ரோட்டில்தான் சாக்கடை நின்றது. கட்டு எதற்காகப் போட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பணம் நின்றதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இந்த மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் கையெழுத்துப் போடலாம், ஆனால் தேர்தல் நடக்காத காலத்துக்கு மத்திய மானியம் கேட்க முடியாது. 2016 அக்டோபருக்குப் பிறகு தேர்தல் தள்ளிப்போனபோதும் இப்படித்தான் பணம் நிறுத்தப்பட்டது. தேர்தல் நடத்த வேண்டிய பொறுப்பு மேலே இருக்கிறது, தண்டனை மட்டும் கைப்பம்பு ரிப்பேருக்குக் காத்திருக்கும் தெருவுக்கு. இது நியாயமில்லை என்றே சொல்வேன்.

தேர்தல் நடந்த ஊராட்சிக்கும் பணம் நிற்கலாம். முந்தைய வருஷத்தின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய வருஷத்தின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத ஊராட்சிக்கு 2023-24 முதல் பங்கு இல்லை. மத்திய அரசு கொடுத்த பணத்தை மாநிலம் 10 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். egramswaraj.gov.in தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்து வருஷம் போட்டால் வளர்ச்சித் திட்டமும் வரவு செலவும் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். தெருவிளக்குக் கரண்ட் பில் போன்ற அன்றாடச் செலவுக்கு மாநில நிதிக்குழு மானியம் தனியாக வரும், அது மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து வருவது, அதையும் இதையும் சேர்த்துப் பேசினால் பதில் குழம்பிவிடும். இன்னொன்று, இங்கே சொன்ன எண்களும் விதிகளும் 15வது குழுவுக்கு உரியவை, அதன் காலம் 2026 மார்ச்சோடு சரி. ஏப்ரலிலிருந்து வரும் தவணைக்கு அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16வது குழுவின் விதிகள்தான், அந்தப் பணத்துக்கான பங்கீட்டு ஆணையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.