நோட்டில் இருந்த பென்சில் பெயர்

அன்புள்ள ஐயா,
நானும் இரண்டு நண்பர்களும் சலூன் முன்பதிவுச் செயலி ஒன்றை எழுதுகிறோம். கோவையில் மூன்று கடைகளில் முதலில் கொடுக்கப்போகிறோம். ஆன்லைன் கட்டணம், லாயல்டி பாயிண்ட், ரேட்டிங், வாட்ஸ்அப் நினைவூட்டல் என்று 23 வசதிகள் சேர்ந்துவிட்டன. முதல் பதிப்பில் எதை வைப்பது, எதை விடுவது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

எந்தக் கடையில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் இது? முடி வெட்டுகிறவர் இதில் எங்கேயுமே இல்லையே! பாயிண்ட்டும் ரேட்டிங்கும் இப்போது வேண்டாம். பணத்துக்குக் கல்லாவில் க்யூஆர் அட்டை இருக்கிறது. நினைவூட்டல் இருக்கட்டும்.

என் அக்கா மதுரையில் 20 வருடம் பார்லர் நடத்தினாள். மேசையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். கலர் போட ஒருவர் 10 மணிக்கு வந்தால், அவருடைய நேரத்துக்கு நடுவிலேயே பென்சிலால் இன்னொரு பெயரை எழுதுவாள். கிறுக்கல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கணக்கைச் சொன்னாள். கலந்து பூச அரை மணி நேரம், கலர் பிடிக்க 35 நிமிடம், அலசி உலர்த்த இன்னொரு 35 நிமிடம். வந்தவர் 11:40 வரை இருப்பார். ஆனால் பூசியவருக்கு 10:30 முதல் 11:05 வரை கை சும்மா இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு ஹேர்கட் முடிந்துவிடும்.

பிற்பாடு ஒரு செயலி வாங்கினாள். அதில் புக்கிங் என்றால் தொடக்கமும் முடிவும் மட்டும்தான். 100 நிமிடத்தையும் பூட்டி வைத்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரே ஆளுக்குப் பூச ஒன்று, அலச ஒன்று என்று இரண்டு புக்கிங் போட ஆரம்பித்தாள். நேரம் மாற்றினால் ஒன்று நகரும், மற்றது பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு மாதத்தில் நோட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது. அக்கா அந்தப் பணத்துக்காக ரொம்ப நாள் வருந்தினாள்.

அதனால் சேவையை வேலை, காத்திருப்பு, வேலை என்று மூன்று துண்டாகச் சேமியுங்கள். நேரம் மாற்றினால் மூன்றும் சேர்ந்து நகர வேண்டும். இதை அடுத்த பதிப்புக்குத் தள்ளாதீர்கள். பாயிண்ட்டை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். புக்கிங்கை ஒரே துண்டாக வைத்துவிட்டால், காலி நேரம் தேடுவது, மாற்றுவது, ரத்து செய்வது எல்லாவற்றையும் பிறகு திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். அந்த இடைவெளியைத் தானாகவே வாடிக்கையாளருக்குத் திறந்துவிடாதீர்கள். ப்ளீச் போட்ட தலையை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்து ஹேர்கட் இழுத்துக்கொண்டால் முடி பாழாகிவிடும். எந்தச் சேவைக்குத் திறக்கலாம் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யட்டும்.

கொடுத்து இரண்டு வாரம் கழித்து மூன்று கடைக்கும் நீங்களே போங்கள். மேசையில் நோட்டு இன்னும் திறந்து கிடந்தால், அக்கா மாதிரி ஒருவர் அங்கே இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலால் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.