சேஃப்டியைக் கழற்றிவிட்டு லிஃப்டை ஓட்டலாமா?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் எங்களுடையது நாலு மாடி அடுக்ககம். ஆறு பேர் போகும் லிஃப்ட். போன மழையில் லிஃப்ட் குழியில் தண்ணீர் நின்றது, இறைத்துவிட்டோம். அதன்பிறகு கீழே இறங்கும்போது மட்டும் இரண்டு தடவை தடாலென்று நடுவில் நின்றுவிட்டது. ‘சேஃப்டி பிடிச்சிருச்சு சார். கவர்னர் ரோப்பைக் கழட்டிவிட்டா தொல்லை இருக்காது. மேலே நாலு ரோப் இருக்கு, எதிர்ப்பக்கம் கவுண்டர் வெயிட் இருக்கு, லிஃப்ட் விழவே விழாது’ என்கிறார் மெக்கானிக். அவர் பேச்சைக் கேட்கலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: கழற்ற விடாதீர்கள். ஏற்கெனவே கழற்றியிருந்தால் இன்றைக்கே லிஃப்டை நிறுத்திவிடுங்கள். ரோப் அறாது என்று அவர் சொல்வது ஏறக்குறைய சரிதான். மூன்றோ அதற்கு மேலோ ரோப் உள்ள லிஃப்டில் முழுச் சுமையைப்போல 12 மடங்கு தாங்கும்படிதான் ரோப்களைத் தேர்வு செய்கிறார்கள். ஒன்று போனாலும் மீதி தாங்கும். ஆனால் லிஃப்ட் தறிகெட்டு ஓட ரோப் அறுந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

உங்கள் லிஃப்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் ஆளுக்கு 68 கிலோ என்று வைத்து, ஆறு பேருக்கு 408 கிலோ என்று கேபினுக்குள் எழுதியிருப்பார்கள். காலி கேபின் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கவுண்டர் வெயிட்டைக் கேபின் எடைக்குச் சமமாக வைப்பதில்லை. அதோடு சுமையில் பாதியளவு வரை சேர்த்து வைப்பார்கள். சரிபாதி என்று கொண்டால் 600-உம் 204-உம் சேர்ந்து 804 கிலோ. மோட்டாருக்கு வேலை குறையத்தான் இந்த ஏற்பாடு. மூன்று பேர் ஏறினால் இரண்டு பக்கமும் சமம்; மோட்டார் உராய்வை மட்டும் வென்றால் போதும்.

மூன்று பேர் இல்லாதபோது என்ன ஆகும்? ஆறு பேர் ஏறினால் கேபின் பக்கம் 1008 கிலோ, எதிரே 804. கேபின் கீழே போகப் பார்க்கும். ஒரே ஆள் ஏறினால் 668-க்கு எதிரே 804. இப்போது கேபின் மேலே போகப் பார்க்கும். காலி லிஃப்ட் இன்னும் வேகமாக மேலே போகும். இதையெல்லாம் அசையாமல் பிடித்து வைத்திருப்பது மெஷினில் இருக்கும் பிரேக். கரண்ட் வரும்போது விலகி, கரண்ட் நின்றதும் ஸ்பிரிங் அழுத்தத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் அது. அதன் லைனிங் தேய்ந்தாலோ, எண்ணெய் பட்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரோப் எல்லாம் முழுசாக இருக்கும்போதே லிஃப்ட் ஓடிவிடும்.

நாலாவது மாடியில் ஆறு பேர் ஏறி, பிரேக் பிடிக்கவில்லை என்று வையுங்கள். 204 கிலோ வித்தியாசம் மொத்தம் 1812 கிலோவை இழுக்கிறது. உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், விநாடிக்கு விநாடி சுமார் 1.1 மீட்டர் வீதம் வேகம் கூடும். 12 மீட்டர் இறங்கிக் குழிக்கு வரும்போது விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். குழியில் இருக்கும் பஃபர் ஸ்பிரிங், சாதாரண ஓட்டத்தில் கேபின் கொஞ்சம் தாண்டி வந்தால் தாங்குவதற்கு வைத்தது. இந்த வேகத்துக்கு அது போதாது. கவுண்டர் வெயிட் வீழ்ச்சியை மெதுவாக்கியது, உண்மைதான். நிறுத்தவில்லை.

நிறுத்துவதற்கு இருப்பதுதான் அந்த சேஃப்டி. மெஷின் ரூமில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதுதான் கவர்னர். அதிலிருந்து விரல் கனமுள்ள, அல்லது அதைவிட மெல்லிய ஒரு தனி ரோப் கீழே குழிவரை போய், அங்கே எடை தொங்கும் ஒரு கப்பியைச் சுற்றி மேலே வரும். இந்த வளையத்தின் ஓரிடம் கேபினில் ஒரு நெம்புகோலோடு கட்டப்பட்டிருக்கும். கேபினைத் தூக்கும் வேலை இதற்கு இல்லை. கேபின் போகிற வேகத்தில் சக்கரத்தைச் சுற்றிவிடுவதுதான் வேலை. கேபினுக்குக் குறித்த வேகத்தைவிட குறைந்தது 15 சதவீதம் கூடிய பிறகு, ஒரு வரம்புக்குள், சக்கரத்தில் இருக்கும் எடைகள் வெளியே விரிந்து முதலில் ஒரு சுவிட்சைத் தட்டி மோட்டாருக்குக் கரண்டை நிறுத்தும். அப்படியும் நிற்காவிட்டால் அந்த ரோப்பையே கவ்விப் பிடிக்கும்.

ரோப் நின்றுவிட்டது, கேபின் இன்னும் இறங்குகிறது. அதனால் நெம்புகோல் மேலே இழுபடும். கேபினுக்கு அடியில் இரண்டு பக்கமும், இரும்புப் பெட்டிக்குள், கேபின் ஏறி இறங்கும் தடமான கைடு ரெயிலை அணைத்தபடி ஆப்புகள் இருக்கும். ஓட்டத்தில் ஆப்புக்கும் ரெயிலுக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி. நெம்புகோல் ஆப்பை மேலே தூக்கியதும் பெட்டியின் சரிவில் ஏறி ரெயிலைத் தொடும். தொட்ட பிறகு கரண்டும் வேண்டாம், ரோப்பும் வேண்டாம். கேபின் இறங்க இறங்க ஆப்பு இன்னும் உள்ளே இறுகும். காற்றில் அடிக்கும் கதவின் அடியில் செருகிய ஆப்பு, காற்று தள்ளத் தள்ள இறுகுவதைப்போலத்தான். நம் கணக்கில் கவர்னர் விநாடிக்கு ஒரு மீட்டரில் கவ்வும் என்றால், கேபின் நின்ற இடத்திலிருந்து நழுவி ஒன்றரை அடிக்குள் கவ்வல் தொடங்கிவிடும். உங்கள் மெக்கானிக் கழற்றச் சொன்னது இதைத்தான்.

1854-இல் நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸில் எலிஷா ஓடிஸ் மேடையில் ஏறி நின்று ரோப்பை வெட்டச் சொல்லிக் காட்டியது பலருக்குத் தெரிந்த கதை. அவருடைய கருவி ரோப்பின் இழுவை போனால்தான் வேலை செய்யும். இன்றைய கவர்னர் ரோப்பைப் பார்ப்பதில்லை, வேகத்தை மட்டும் பார்க்கிறது. பிரேக் போனாலும், ரோப் மெஷின் சக்கரத்தில் வழுக்கினாலும், அறுந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இனி, தேவையில்லாமல் ஏன் பிடிக்கிறது? நீங்களே துப்பு கொடுத்திருக்கிறீர்கள்: மழைக்குப் பிறகு, இறங்கும்போது மட்டும். குழிக் கப்பி தண்ணீரில் மூழ்கியிருக்கும். கடலூர்க் காற்றில் உப்பு வேறு. பேரிங் துருப்பிடித்து இறுகினால் கவர்னர் ரோப் லேசாக ஓடாது, இழுபடும். கேபின் இறங்கும்போது ரோப் பின்தங்கி, வேகம் கூடாமலேயே நெம்புகோலைத் தூக்கிவிடும். ஏறும்போது அதே இழுவை நெம்புகோலைக் கீழ்ப்பக்கம் தள்ளும், ஒன்றும் ஆகாது. மேலே இருக்கும் கவர்னர் சக்கரம் துரு ஏறி இறுகினாலும் இதே கதைதான். கேபினை ரெயிலோடு சேர்த்து ஓடவைக்கும் கைடு ஷூவின் லைனிங் தேய்ந்து கேபின் ஒரு பக்கம் சாய்ந்து ஆப்பு ரெயிலில் உரசுவதும் உண்டு. ஆனால் அது மழையைப் பார்த்துக் காத்திருக்காது. பிள்ளைகள் உள்ளே குதித்தாலும் பிடிக்கும். அதையும் கேட்டு வையுங்கள்.

உண்மையிலேயே ஆப்பு பிடித்ததா என்பதும் தெரிய வேண்டும். பிடித்திருந்தால் நின்ற உயரத்தில் ரெயிலின் இரண்டு முகத்திலும் நேருக்கு நேராகப் பளபளப்பான கடி வடு இருக்கும். மெக்கானிக்கைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வடு இருந்தால் பிசிறை அரம் போட்டுச் சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கைடு ஷூவை அது தின்னும். வடுவே இல்லை என்றால் ஆப்பு பிடிக்கவில்லை. ஏதோ சுவிட்சோ கதவு காண்டாக்ட்டோ விட்டு நிறுத்தியிருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு.

வடு இருந்தது என்றே கொள்வோம். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, குழிக் கப்பியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுளுவாகச் சுற்ற வேண்டும். கரகரவென்றால் பேரிங் மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டு ஒப்பேற்றும் வேலை இல்லை. ரோப் நீண்டு கப்பியின் எடை தரையைத் தொடுகிறதா, கம்பி அறுந்திருக்கிறதா, துருப்பொடி உதிர்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். அப்படியிருந்தால் ரோப்பை மாற்றுங்கள். கடற்கரை ஊர்களில் துருவுக்குப் பயந்து ரெயிலில் கெட்டிக் கிரீஸ் அப்புகிற பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. மணலும் தூசும் சேர்ந்து கெட்டியாகி ஆப்புப் பெட்டிக்குள் அடைந்தால், பிடிக்க வேண்டிய நாளில் ஆப்பு ஏறாது. ஆயிலரிலிருந்து கசியும் மெல்லிய எண்ணெய் போதும்.

வேலை முடிந்ததும் சோதனை. காலி கேபின், உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது, மெதுவான ஆய்வு வேகத்தில் கீழே இறக்க வேண்டும். மெஷின் ரூமில் ஒருவர் கவர்னரைக் கையால் தட்டிவிட வேண்டும். மோட்டார் நின்றதா, இரண்டு பக்க ஆப்பும் சேர்ந்து பிடித்ததா, கேபின் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்த ஆப்பு கீழே தள்ளினால் விடாது, கேபினை மேலே தூக்கினால்தான் விடும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்து, தேதியோடு பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவர்னரில் வேகத்தைக் குறித்து ஈய முத்திரை வைத்திருப்பார்கள். அது உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று பொருள். தயாரித்த நிறுவனத்தை வரவழையுங்கள்.

கழற்றித்தான் ஆகவேண்டும் என்று அவர் மறுபடி நின்றால், எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். கொடுக்க மாட்டார். கடலூர் தமிழ்நாட்டின் 1997 லிஃப்ட் சட்டத்துக்குள் வருவது. உரிமம் மின் ஆய்வுத் துறையுடையது. விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் மட்டுமல்ல, சங்கமும்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மேலே கணக்கில் பார்த்தோமே, ஒற்றை ஆளோடு பிரேக் போனால் கேபின் மேல்நோக்கி ஓடும் என்று. உங்கள் லிஃப்டில் கேபினுக்கு அடியில் இருக்கும் ஆப்பு கீழ்நோக்கி மட்டுமே பிடிக்கும் வகையாக இருக்கலாம். பழைய லிஃப்ட் பலவும் அப்படித்தான். மேல்நோக்கிப் பாதுகாப்பு தனி ஏற்பாடு: இரு திசையிலும் பிடிக்கும் சேஃப்டி, அல்லது மெஷினுக்குக் கீழே ரோப்களையே கவ்வும் கருவி, அல்லது மெஷின் சக்கரத்திலேயே பிடிக்கும் இரண்டாவது பிரேக். உங்களிடம் எது இருக்கிறது என்று கேளுங்கள். எதுவுமே இல்லையென்றால் மெஷின் பிரேக்கின் லைனிங்தான் ஒரே காவல். அதன் தடிமனை ஒவ்வொரு சர்வீஸிலும் அளந்து எழுதும்படி ஏஎம்சியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த மழைக்குள் குழியில் தண்ணீர் வரும் வழியையும் அடைத்துவிடுங்கள்.