பட்டறையில் கேட்ட பேச்சை எப்படி எழுதி வைப்பது

கேள்வி: மெஷின் பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். அசிங்கமாகப் பேசுகிறார்கள், முடிவெடுக்கும்போது கூப்பிடுவதில்லை. இதையெல்லாம் எப்படிக் குறித்து வைப்பது?

கோவையில் ஒரு சிஎன்சி பட்டறையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். நான் முதலில் எழுதிய நோட்டு எதற்கும் உதவவில்லை. "இன்றைக்கும் கேவலமாகப் பேசினார்" என்றே பக்கம் பக்கமாக இருந்தது. என்ன பேசினார், யார் கேட்டார்கள் என்பது பிறகு எனக்கே நினைவில்லை.

அப்புறம் பக்க எண் போட்ட தைத்த நோட்டு வாங்கி, அன்றன்றைக்கே பஸ்ஸில் எழுதினேன். ஒரு பதிவு: "செவ்வாய் காலை 9.40, மூன்றாவது மெஷின் பக்கம். ஃபோர்மேன் சொன்னது: 'பொம்பளைக்கு மைக்ரோமீட்டர் எதுக்கு, கரண்டியப் புடிக்கச் சொல்லு.' ஆபரேட்டர்கள் இருவர் சிரித்தார்கள், ஹெல்ப்பர் பக்கத்தில் நின்றார். நான் ரிஜெக்ட் செய்த 14 பீஸை ஃபோர்மேனே பாஸ் பெட்டியில் போட்டார்." மூவரின் பெயரும் அதில் உண்டு. கெட்ட வார்த்தையானாலும் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு அழகாகப் படியெடுக்க வேண்டாம். தவறினால் ஒரே கோடு போட்டு அடியுங்கள்.

கூப்பிடாமல் விட்டதை எழுதுவதுதான் சிரமம், ஏனென்றால் அங்கே காட்ட எதுவும் நடக்கவில்லை. அதற்குக் காகிதம் தேடினேன். எங்கள் இடத்தில் உலோகத்தை வெட்டும் இன்சர்ட் வகையை மாற்றினால் அதற்கான படிவத்தில் தரப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும். டீக்கடையில் பேசி முடித்து மாற்றிவிடுவார்கள், என் கட்டம் காலியாக இருக்கும். படிவ எண்ணையும், எனக்கு யார் மூலம் எப்போது தெரிந்தது என்பதையும் குறித்தேன். அன்றே சூப்பர்வைசருக்கு, "இன்சர்ட் மாற்றியதை மதியம் ஆபரேட்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன், அடுத்த முறை முன்பே சொல்லவும்" என்று மெயில் போட்டேன். இரண்டு மாதத்தில் ஐந்து முறை அந்தக் கட்டம் காலி. "மறந்துட்டோம்மா" என்பது அதற்குப் பிறகு எடுபடவில்லை. ஆனால் டிராயிங்கையோ படிவத்தையோ போனில் படம் எடுக்காதீர்கள். கம்பெனி ரகசியத்தை வெளியே கொண்டுபோனதாக உங்கள்மேலேயே திருப்புவார்கள், எண் போதும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாலியல் சாயல் உள்ள பேச்சுக்குக் கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் புகார் தரலாம். 10 பேருக்குக் குறைவான பட்டறை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போக வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், 6 பிரதிகள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. அதனால்தான் ஹெல்ப்பர் பெயர்கூட முக்கியம்.

வெறும் "பொம்பளைக்கு வேலை தெரியாது" என்ற பேச்சும் ஒதுக்கலும் மட்டும் இருந்தால், அது எங்கள் வரம்பில் இல்லை என்று குழு சொல்லக்கூடும். அதை நிர்வாகத்துக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள். ஆனால் ஆபாசப் பேச்சை எதிர்த்த பிறகுதான் ஒதுக்கினார்கள் என்றால், அது வேலையில் குறுக்கிடுவதாகச் சட்டத்துக்குள் வர இடமுண்டு. எதிர்த்த தேதியையும், முதல்முறை கூப்பிடாமல் விட்ட தேதியையும் புகாரில் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள். என் நோட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டே நாள்தான். குழுவில் முதலில் கேட்டதும் அதைப் பற்றித்தான்.