பெயர்ப் பலகையில் நகர், பத்திரத்தில் கிராமம்

கேள்வி: எந்த ஊருக்குப் போனாலும் லட்சுமி நகர், கணபதி நகர், ஏதோ ஒரு புரம். பாக்கம், தாங்கல் என்றிருந்த பழைய பெயர்களையெல்லாம் அரசாங்கம் ஏன் இப்படி அழிய விட்டது?

பதில்: அரசாங்கத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் தபசிலைப் படியுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று வந்த பிறகுதான் 'லட்சுமி நகர் என்னும் மனைப்பிரிவில் மனை எண் இத்தனை' என்று வரும். நீங்கள் தொலைந்துபோனதாகச் சொல்லும் பாக்கமும் தாங்கலும் அந்தக் கிராமத்தின் இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

நகரை ஆரம்பித்துவைத்ததில் அரசுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. சென்னையில் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி நடந்தபோது மாம்பலம் ஏரியின் நீரை வடித்து மனை போட்டார்கள். கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் வந்தது. பனகல் பூங்கா, நாயர் சாலை, உஸ்மான் சாலை என்று உள்ளே போகப் போக அதே கட்சிக்காரர்கள்தான். ரயில் நிலையம் மட்டும் இன்றைக்கும் மாம்பலம். பெயர் மாறியது தண்ணீருக்குத் தெரியாது. பெருமழை பெய்தால் அது பழைய ஏரியைத் தேடிக்கொண்டு வரும்.

புரமும் இதே வழியில்தான் வந்தது. கோவை ஆர்.எஸ். புரத்தில் இருப்பவர் நகரசபைத் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியார். பிறகு காந்தி நகர், அண்ணா நகர் என்று ஆட்சிகளின் வரிசை. கே.கே. நகரும் எம்.ஜி.ஆர். நகரும் சென்னையில் ஒட்டியே இருக்கின்றன, சண்டை சச்சரவு இல்லாமல்!

நீங்கள் சலித்துக்கொள்ளும் லட்சுமி நகர் வேறு ரகம். நான்கைந்து ஏக்கர் நஞ்சையை வாங்கி மனை பிரிப்பவர் தன் குலதெய்வத்தின் பெயரையோ மகளின் பெயரையோ வைக்கிறார். நன்றாக விற்றால் 'லட்சுமி நகர் விரிவு' என்று இன்னொன்று. அங்கீகாரம் கிடைப்பது சர்வே எண்ணுக்கும் வரைபடத்துக்கும்தான். சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து, தெருவிளக்கும் வீட்டுவரியும் வந்த பிறகு, தபால்காரரிலிருந்து ஆட்டோக்காரர்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஒரே தாலுகாவில் பத்து கணபதி நகர் இருப்பதும் இதனால்தான்.

அங்கீகாரமே வாங்காதவர்களும் நகர் என்று வளைவு கட்டி விற்றார்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், வாங்கியவர்கள் வரன்முறை செய்ய அலைந்தார்கள். மனை வாங்கப் போகிறீர்களா? நுழைவாயிலில் இருக்கும் பெயரை விடுங்கள். அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அப்புறம் அந்தச் சர்வே எண் அ-பதிவேட்டில் நஞ்சையா, ஏரிப் புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள்.