"வேலை செய்யல" என்று மட்டும் வரும் செய்திக்கு என்ன பதில் அனுப்புவது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கணினி தொடர்பான சிக்கல்களை நான்தான் கவனிக்கிறேன். பலரும் "வேலை செய்யல" என்று மட்டும் செய்தி அனுப்புகிறார்கள். எந்தக் கருவி, எந்தச் செயலி என்று எதுவுமே சொல்வதில்லை. இதை எங்கிருந்து குறுக்கத் தொடங்குவது?

பதில்:

சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினிப் பராமரிப்பு செய்து வருகிறேன். இத்தகைய செய்தி வந்ததும் "எந்த மாடல், எந்த விண்டோஸ், எந்த வெர்ஷன்?" என்று கேட்பதை நான் தவிர்க்கிறேன். அனுப்பியவருக்குப் பெரும்பாலும் அதற்கு விடை தெரியாது. தெரிந்தாலும் அந்த விடையால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்காது. அதற்குப் பதிலாக, "நீங்கள் என்ன செய்யப் போனீர்கள், அப்போது திரையில் என்ன வந்தது?" என்று கேட்கிறேன். முதற்பகுதி செயலியைத் தானாகவே சொல்லிவிடும். இரண்டாம் பகுதி, கருவிக்கு உயிரே வரவில்லையா, செயலி திறக்கவில்லையா, திறந்தபின் ஏதோ ஒன்றை மறுக்கிறதா, எல்லாம் நடந்து முடிவு மட்டும் தவறா என்பதைப் பிரித்துக் காட்டும்.

கேட்பதற்கு முன், வந்த செய்தியையே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது அலுவலகக் கணினியில் திறந்த வாட்ஸப்பிலிருந்து வந்திருந்தால் அந்தக் கணினியும் அதன் இணைய இணைப்பும் இயங்குகின்றன என்று பொருள். எப்போதும் வாட்ஸப்பில் எழுதுபவர் அன்று மட்டும் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால் இணையத்தைச் சந்தேகிக்கலாம். காலை கடை திறக்கும் நேரத்தில் வரும் செய்திகளும் நண்பகலில் வரும் செய்திகளும் பெரும்பாலும் வெவ்வேறு வகைச் சிக்கல்கள். முன்னவை கருவியை அணைத்துப் போட்டதோடு தொடர்புடையவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு மொத்த விற்பனைக் கடையின் கணக்காளர், "அண்ணா, வேலை செய்யல" என்று காலையில் தம் கைபேசியிலிருந்து எழுதியிருந்தார். என்ன செய்யப் போனீர்கள் என்று கேட்டதற்கு, வரித் தாக்கல் தளத்தைத் திறக்கப் போனதாகவும், "ஏதோ இங்கிலீஷில் வருது அண்ணா" என்றும் பதில் வந்தது. அடுத்து, அதே வைஃபையில் இருக்கும் கைபேசியில் அந்தத் தளம் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். திறந்தது. இந்த ஒரே சோதனையில் தளமும் ரவுட்டரும் இணைய நிறுவனமும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன. பிறகு கணினியில் வேறு ஒரு தளத்தைத் திறக்கச் சொன்னேன், அதுவும் திறக்கவில்லை. அவருடைய கணக்கிலோ கடவுச்சொல்லிலோ கோளாறு என்றால் மற்றத் தளங்கள் திறந்திருக்க வேண்டும். ஆகவே சிக்கல் அந்த ஒரு கணினிக்குள்தான்.

இந்த இடத்தில்தான் படம் கேட்பேன், அதுவும் கைபேசியால் முழுத் திரையையும் எடுத்த படம். ஸ்கிரீன்ஷாட் கேட்டால் பலர் பிழை வந்த பகுதியை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். நமக்கு வேண்டியதோ பல சமயம் ஓரத்தில் இருக்கும். (வங்கிப் பக்கமோ ஓடிபியோ தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.) வந்த படத்தில் "Your clock is behind" என்ற தலைப்பும் அதன்கீழ் இந்த வரியும் இருந்தன:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

இந்த வரியைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னால் யாரும் சரியாக அனுப்ப மாட்டார்கள், ஆனால் குறுக்கும் வேலையில் பாதியை இதுவே முடித்துவிடும். இந்த இடத்தில் ERR_INTERNET_DISCONNECTED என்று இருந்திருந்தால் கணினிக்கு இணைப்பே இல்லை. DNS_PROBE_FINISHED_NXDOMAIN என்று இருந்திருந்தால் தளத்தின் பெயருக்குரிய முகவரி கிடைக்கவில்லை. ERR_CONNECTION_TIMED_OUT என்றால் முகவரி கிடைத்தும் மறுமுனை பதில் தரவில்லை. இங்கே வந்ததோ அவை அனைத்தையும் தாண்டிய கட்டம். இணைப்பு கிடைத்து, தளம் தன் சான்றிதழைக் காட்டியபின், அதன் செல்லுபடிக் காலத்துக்குள் கணினியின் தேதி அடங்கவில்லை என்பதால் பிரவுசர் மறுக்கிறது. படத்தின் கீழ் வலது மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சன்னல் வழியே வெயில் அடிக்க, கணினி பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி 1ஆம் தேதியையும், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களையும் காட்டிக்கொண்டிருந்தது. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

தேதியைக் கையால் திருத்தியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. ஆனால் அதோடு விட்டிருந்தால் மறுநாள் காலையிலும் அதே செய்தி வந்திருக்கும். "ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, "ஒன்றும் மாற்றவில்லை" என்பதே எப்போதும் வரும் பதில். "சுவிட்ச் போட்டதிலிருந்து இந்தத் திரை வரை நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். முதலில் கறுப்புத் திரையில் ஏதோ எழுத்து வரும் என்றும், F1 அழுத்தினால் போய்விடும் என்றும், சில நாளாக அப்படித்தான் என்றும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கோளாறு என்று அவர் கருதாததால் அதைப் பற்றி எழுதவும் இல்லை. இரவு கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

காரணம் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. கடைகளில் சிமாஸ் பேட்டரி என்று கேட்டால் தருவார்கள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் CR2032, 3 வோல்ட். கணினியை அணைத்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும். மெயின் சுவிட்சை அணைத்தபின்தான் பேட்டரி தேவைப்படும். ஆகவே பகலில் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் தேதி மாறாது, காலையில் மட்டும் மாறியிருக்கும். விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்யாதா என்று கேட்கலாம். அலுவலக டொமைனில் சேராத கணினியில், வேறுபாடு 15 மணி நேரத்தைத் தாண்டினால் அதன் நேரச் சேவை இயல்பு அமைப்பில் திருத்த மறுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்தை அதை நம்பி விட முடியாது.

ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது தவறில்லை, பல நேரம் அதுவே போதும். ஆனால் படம் கையில் கிடைத்தபின் சொல்லுங்கள். முன்பே சொன்னால் திரையில் இருந்த வரி போய்விடும், கோளாறு தீர்ந்ததா ஒளிந்ததா என்றும் தெரியாது. ஒரு செய்தியில் ஒரு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். ஐந்து கேட்டால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

பேட்டரியை மாற்றியபின் தேதியைச் சரிசெய்து, அன்று இரவு வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். காலையில் முழுத் திரைப் படம் ஒன்றை மீண்டும் வாங்கி, மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். புதிய பேட்டரியிலும் தேதி பின்னோக்கிப் போயிருந்தால், பேட்டரி உட்காரும் இடத்தின் உலோகத் தகடு சரியாகத் தொடுகிறதா என்பதே அடுத்துப் பார்க்க வேண்டியது.